இருபது நிமிடத்தில் என்ன கேம் ஆடலாம்? தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வருகிறவர்களின் கேள்விகள்

தினமும் காலையில் தக்கலையில் ஏறி வடசேரியில் இறங்குகிறேன், சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறேன். வீட்டுக்குப் போனால் பிள்ளைகளின் பாடம், கடை, அம்மாவின் மருந்து என்று நேரம் போய்விடும், அதனால் எனக்கென்று இருப்பது இந்தப் பயண நேரம் மட்டும்தான். அதில் என்ன கேம் ஆடலாம் என்று நாலைந்து வருடமாகப் போட்டுப் பார்த்து, பாதியில் தூக்கி எறிந்து, திரும்ப எடுத்து, இப்போது ஓரளவுக்கு ஒரு கணக்கு பிடிபட்டிருக்கிறது. கூட வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளும் அதற்கு என் பதில்களும் கீழே.

இருபது நிமிஷத்துல முடியுற கேமா பாத்து எடுத்தா போதும்லா?

போதாது, ஏனென்றால் முதலில் அந்த இருபது நிமிடமே முழுசாகக் கையில் கிடைப்பதில்லை. என் சாயங்காலப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வடசேரியில் ஏறி, சீட் பிடித்து, பையை மடியில் வைத்து, கண்டக்டர் வந்து சில்லறை கேட்டு டிக்கெட் கிழித்து முடிப்பதற்குள் பார்வதிபுரம் வந்துவிடும். வில்லுக்குறி தாண்டினால் எழுந்திருக்கத் தயாராக வேண்டும். நடுவில் கிடைப்பதுதான் அந்த இருபது நிமிடம். அதிலும் வீட்டிலிருந்து ஒரு போன் வரும், பக்கத்து சீட்காரர் சுங்கான்கடையில் இறங்க வழி விட வேண்டியிருக்கும், கேம் திறக்கவே ஒரு நிமிடம் எடுக்கும். ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், உண்மையில் விரல் விளையாட்டில் இருந்த நேரம் பெரும்பாலும் 12 முதல் 14 நிமிடம். அதனால் நான் 13 என்று வைத்துக்கொள்கிறேன், கீழே வருகிற கணக்கெல்லாம் அந்த 13-ஐ வைத்துத்தான்.

இரண்டாவது, கேம் எத்தனை நிமிடம் ஓடும் என்பதை விட அதை எங்கே நிறுத்தலாம் என்பதுதான் முக்கியம். ஒன்றரை மணி நேரம் ஓடுகிற கேம்கூட இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்த இடம் கொடுத்தால் பஸ்ஸுக்குச் சரியாக இருக்கும். பதினைந்து நிமிட கேம் நடுவில் நிறுத்தவே விடாது என்றால் அது பஸ்ஸுக்கு ஆகாது. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஒரு வருடம் வீணாக்கினேன், சின்ன கேம் சின்ன கேம் என்று தேடி, ஒன்றும் மனசில் நிற்காத கேம்களாக ஆடிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தலாமா இல்லையான்னு ஆடாம எப்படித் தெரியும்?

வீட்டில் வைத்து பத்து நிமிடம் சோதித்தால் தெரிந்துவிடும். கேமை இறக்கிய அன்றே பஸ்ஸில் திறக்காதீர்கள். முதல்முறை திறக்கும்போது பல கேம்கள் கூடுதலாக இன்னும் நூற்றுக்கணக்கான எம்பி இறக்கும், உங்கள் பாதி டேட்டா அங்கேயே போய்விடும். வீட்டு வைஃபையில் அதை முடித்துவிட்டு, போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, கேமைத் திறந்து பாருங்கள். நெட் இல்லை என்று வாசலிலேயே நின்றால் அது குன்று ஓரத்தில் சிக்னல் போகும்போதும் அப்படித்தான் நிற்கும்.

திறந்தால், ஒரு ஆட்டத்தின் நட்ட நடுவில் போய், ஹோம் பட்டனை அழுத்தி வெளியே வாருங்கள். கேமராவைத் திறந்து ஒரு படம் எடுங்கள், வாட்ஸப்பில் ஒரு வீடியோ பாருங்கள். அப்புறம் சமீபத்திய ஆப்களின் பட்டியலில் அந்த கேமை மேலே தள்ளி முழுசாக மூடிவிட்டு மறுபடி திறங்கள். விட்ட இடத்திலேயே நின்றால் நல்ல கேம். அந்த லெவலின் ஆரம்பத்துக்குப் போனால் சமாளிக்கலாம். மொத்தமும் போய் முதல் திரைக்கு வந்தால் வேண்டாம்.

மேலே தள்ளி மூடுவதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும், வெறுமனே வெளியே வந்து திரும்புவது போதாது. நாலு ஜிபி ரேம் உள்ள போனில் நீங்கள் மூடாவிட்டாலும், கேமரா போன்ற பெரிய ஆப் வந்ததும் ஆண்ட்ராய்டு பின்னால் இருக்கும் கேமைத் தானாகவே மூடி நினைவகத்தைக் காலி செய்துவிடும். “சும்மா ஒரு போன் வந்தது, திரும்பிப் பார்த்தால் கேம் முதலிலிருந்து தொடங்குகிறது” என்று பலர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கேம் தன் நிலையைச் சேமித்து வைத்திருந்தால் மூடப்பட்டாலும் கவலை இல்லை.

கடைசியாக, ஐகானைத் தொட்டதிலிருந்து உங்கள் முதல் நகர்த்தல் வரை எத்தனை நொடி என்று பாருங்கள். அரை நிமிடத்துக்குள் என்றால் நல்லது. லோகோ, தினசரிப் பரிசு, சலுகை அறிவிப்பு, அப்டேட் என்று இரண்டு நிமிடம் இழுத்தால் 13-ல் இரண்டு போச்சு.

செஸ் ஆடுவேன். ஆனா எப்பவும் பாதியில இறங்க வேண்டி வருது. என்ன டைம் வைக்கணும்?

இதற்குச் சரியான கணக்கே இருக்கிறது. லிசெஸ் என்ற செஸ் ஆப்பில் (இலவசம், விளம்பரமும் கிடையாது) நேரம் 5+3 என்பது போல இரண்டு எண்களாக வரும். முதல் எண் ஆளுக்கு எத்தனை நிமிடம் என்பது, இரண்டாவது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுகிற நொடி. ஒரு ஆட்டம் சுமார் 40 நகர்த்தல் போகும் என்று வைத்துத்தான் அவர்களும் ஆட்டத்தின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள்.

5+3 என்றால் ஆளுக்கு 5 நிமிடம், அதோடு 40 நகர்த்தலுக்கு 120 நொடி, ஆக 7 நிமிடம். இரண்டு பேருக்கும் சேர்த்து 14. நம் 13-க்கு இதுவே கொஞ்சம் மிஞ்சுகிறது. ஆட்டம் 60 நகர்த்தல் வரை இழுத்தால் ஆளுக்கு 8, மொத்தம் 16. பலர் எடுக்கிற 10+0 இரண்டு பேரும் கடைசி வரை யோசித்தால் 20 நிமிடம் போகும், அதாவது நீங்கள் தக்கலையில் இறங்கும்போது உங்கள் ராணி பலகை நடுவில் நிற்கும்.

எனவே பஸ்ஸுக்கு 5+0 எடுங்கள். கூடுதல் நொடி இல்லாததால் இரண்டு பேரும் சேர்ந்து 10 நிமிடத்துக்கு மேல் அது போகவே முடியாது. கூடுதல் நொடி உள்ள ஆட்டத்துக்கு அப்படி ஒரு உச்ச வரம்பு கிடையாது, பயணத்தில் அந்த வரம்புதான் நமக்கு வேண்டியது. கடைசியில் நேரம் இல்லாமல் தோற்பது வலிக்கிறது என்றால் 3+2 எடுத்துப் பாருங்கள். 40 நகர்த்தலுக்கு மொத்தமே 9 நிமிடத்துக்குள் முடியும்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். சிக்னல் போனாலும் உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரம் நீங்கள் வராவிட்டால் எதிராளி வெற்றி கோரலாம். அடிக்கடி பாதியில் போனால் சிறிது காலம் ஆட விடாமல் தடை போடுவார்கள். அந்தப் பக்கம் இருப்பவரும் ஒரு மனுஷன், அவர் நேரமும் நேரம்தான், ஆகவே இறங்க வேண்டியிருந்தால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு இறங்குங்கள், அப்படியே மூடிவிட்டுப் போகாதீர்கள்.

அவசரமா ஆடுனா செஸ்ஸே பிடிக்கல. வேற வழி இருக்கா?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். லிசெஸ்ஸிலேயே ஒரு நகர்த்தலுக்கு நாள் கணக்கில் அவகாசம் கொடுக்கும் ஆட்டம் உண்டு, பழைய காலத்தில் தபாலில் ஆடினார்களே அது போல. ஒரு நகர்த்தலுக்கு 1 நாளிலிருந்து 14 நாள் வரை வைக்கலாம். நான் 3 நாள் வைக்கிறேன், அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை போனைத் தொடாமல் இருக்க முடியும். ஒரே சமயத்தில் ஐந்து ஆட்டம் ஓடுகிறது. காலை பஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம், ஆக 13 நிமிடம் கச்சிதமாக நிறையும். சிக்னல் போனால் திரும்ப வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம், நடுவில் இறங்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

சிக்கல் ஒன்றே ஒன்று. ஐந்து ஆட்டத்திலும் நேற்று என்ன நினைத்து நகர்த்தினோம் என்பது மறந்துபோகும். முதலில் பத்து ஆட்டம் எடுத்தேன், குதிரையை எதற்கு அங்கே வைத்தேன் என்று கண்டுபிடிக்கவே நேரம் போனது, நல்ல நிலையில் இருந்த இரண்டு ஆட்டம் அப்படியே தோற்றேன். லிசெஸ்ஸில் ஆட்டத்தோடு சேர்த்தே குறிப்பு எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது, “அடுத்து எஃப் கட்டத்துச் சிப்பாய், அப்புறம் யானை” என்று ஒரு வரி எழுதி வைத்தால் மறுநாள் பத்து நொடியில் நினைப்பு வந்துவிடும். ஐந்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

காசு வேண்டாம், நெட் வேண்டாம், விளம்பரம் வேண்டாம். அப்படி ஏதாவது உண்டா அண்ணே?

உண்டு, பலருக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். ப்ளே ஸ்டோரில் Simon Tatham's Puzzles என்று தேடுங்கள். சைமன் டாதம் என்ற இங்கிலாந்து நிரலாளர் 2004 முதல் எழுதிச் சேர்த்த புதிர்களின் தொகுப்பு, சுமார் 40 புதிர் வகைகள் இருக்கின்றன. சுடோகு இருக்கிறது (அங்கே Solo என்ற பெயரில்), பாலம் கட்டுவது இருக்கிறது, பழைய கம்ப்யூட்டர்களில் நாம் ஆடிய கண்ணிவெடி ஆட்டம் Mines என்ற பெயரில் இருக்கிறது. எங்கே விட்டாலும் அதே இடத்தில் நிற்கும். திறக்க இரண்டு நொடிகூட ஆகாது.

அந்தக் கண்ணிவெடி ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய ஆட்டத்தில் எல்லாம் சரியாகச் செய்து கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சும், எதில் வெடி என்று ஊகிக்கத்தான் வேண்டும், பாதி நேரம் வெடித்துவிடும். இவருடைய ஆட்டத்தில் ஊகமே தேவைப்படாதபடி, யோசித்தே தீர்க்க முடிகிற பலகையை மட்டும்தான் நிரல் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். அதனால் சிக்கிக்கொண்டால் நாம் எதையோ பார்க்கவில்லை என்று அர்த்தம். அது மட்டுமில்லை, தவறித் தொட்டு வெடித்தாலும் ஒரு படி பின்னால் போய்த் தொடரலாம், எத்தனை முறை வெடித்தது என்று எண்ணிக்கை மட்டும் காட்டும். பஸ் பள்ளத்தில் இறங்கும்போது விரல் வழுக்குகிற நமக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று ஆடினால் தெரியும்.

எந்த அளவு எடுப்பது என்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். 9×9, 10 வெடி என்பது ஒரு நிமிடத்தில் முடிந்து சப்பென்று போகும். உடனே 16×16, 40 வெடிக்குத் தாவுவார்கள். போன் திரையின் அகலம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம், அதை 16-ஆல் வகுத்தால் ஒரு கட்டம் நாலரை மில்லிமீட்டர்கூட வராது. விரலால் தப்பில்லாமல் தொட சுமார் 9 மில்லிமீட்டர் வேண்டும் என்பது ஆப் வடிவமைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஓடுகிற பஸ்ஸில் பாதி அளவுக் கட்டத்தைத் தொட்டால் பக்கத்துக் கட்டம்தான் திறக்கும். நடுவழி ஒன்று இருக்கிறது, 9×9-லேயே 35 வெடி. கட்டம் எட்டு மில்லிமீட்டர், தொடுவதற்கு வசதி, ஆனால் வெடிகள் நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நின்று யோசிக்க வேண்டும். எனக்கு ஒரு பலகைக்கு ஐந்தாறு நிமிடம் ஆகிறது, ஒரு பயணத்துக்கு இரண்டு. குலுக்கல் குறைவான ரயிலில் போகும்போது மட்டும் 16×16 எடுக்கிறேன்.

இதெல்லாம் தனித்தனிப் புதிர். கதை மாதிரி நாள் கணக்குல தொடருற ஆட்டம் வேணும்னா?

அதற்கு நான் சொல்வது ஸ்லே த ஸ்பையர். காசு கொடுத்து வாங்க வேண்டும், ஒருமுறை வாங்கினால் விளம்பரம் இல்லை, நெட் இல்லாமலும் ஓடும். சீட்டுகளால் சண்டை போட்டுக்கொண்டே ஒரு கோபுரத்தில் ஏறும் ஆட்டம், 2019-ல் கம்ப்யூட்டருக்கு முழுமையாக வெளிவந்து அப்புறம் போனுக்கு வந்தது. முழு ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், அதைப் பார்த்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் நம் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலத்தான் இருக்கிறது.

ஆட்டம் மூன்று பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் 15 தளம், 16-ல் பெரிய எதிரி. ஒவ்வொரு தளமும் ஒரு அறை, சண்டை, கடை, ஓய்வு, ஏதாவது ஒரு நிகழ்வு என்று. புது அறைக்குள் நுழையும்போதெல்லாம் ஆட்டம் தானாகச் சேமிக்கும். எந்த வழியில் போனாலும் 9-வது தளத்தில் புதையல் பெட்டி இருக்கும், 15-வது தளத்தில் ஓய்வெடுக்கும் இடம் இருக்கும். இந்த இரண்டையும் நான் பஸ் ஸ்டாப் போல வைத்துக்கொள்கிறேன்.

ஒரு திங்கள்கிழமை எப்படிப் போகும் என்று பாருங்கள். காலையில் பத்துச் சீட்டோடு தொடங்குகிறேன். முதல் சில சண்டைகள் சுலபமானவை, ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். நிகழ்வு அறை என்றால் அரை நிமிடம். கடையில் எதை வாங்குவது என்று யோசிக்க ஒரு நிமிடம். இப்படி 13 நிமிடத்தில் எட்டு அறை தாண்டி, புதையல் பெட்டியைத் திறந்து போனை மூடுகிறேன். சாயங்காலம் 10-வது தளம். இப்போது சண்டைகள் கனமாகின்றன, ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம். ஓய்வு அறைக்கு வரும்போது வில்லுக்குறி நெருங்கிவிட்டால் அங்கேயே நிறுத்துகிறேன். பெரிய எதிரியோடு சண்டைக்கு எனக்கு ஏழெட்டு நிமிடம் வேண்டும், அதைச் செவ்வாய்க் காலையில் புதுத் தலையோடு முதல் வேலையாக வைத்துக்கொள்கிறேன். இந்த வேகத்தில் மூன்று பகுதியும் முடிய நாலு நாள். வெள்ளிக்கிழமை ஜெயித்தோ தோற்றோ ஒரு கதை முடிந்திருக்கும்.

சண்டை நடுவில் இறங்க வேண்டி வந்தால் பதற வேண்டாம். திரும்பத் திறக்கும்போது அந்தச் சண்டை முதலிலிருந்து தொடங்கும், உயிரும் நுழைந்தபோது இருந்த அளவிலேயே இருக்கும், இழப்பது அந்த இரண்டு நிமிடம் மட்டும். திரும்ப எடுக்கும்போது உடனே அடுத்த அறைக்குப் போகாமல், மேலே இருக்கும் உங்கள் சீட்டுக்கட்டைத் தொட்டு ஒருமுறை முழுசாகப் பாருங்கள். விஷம் ஏற்றும் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தீர்களா, தடுப்புச் சீட்டுகளையா என்று நினைப்பு வந்தபின் ஆடினால் தப்பு குறையும். இதைச் செய்யாமல் ஒருமுறை என் கட்டுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று சீட்டை எடுத்துத் திணித்துவிட்டு இரண்டாம் பகுதியிலேயே விழுந்தேன்.

எழுத்து சின்னது என்பது இதன் குறை. கண்ணாடி போடுகிறவர்கள் வாங்குமுன் யாராவது ஆடும் வீடியோவைப் போனில் பார்த்து, படிக்க முடிகிறதா என்று முடிவு செய்யுங்கள். போனைப் படுக்கைவாட்டில் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், அதனால் சீட் கிடைக்காத நாளுக்கு ஆகாது.

சீட் கிடைக்கலன்னா? பாதி நாள் நின்னுட்டுத்தான் வாறேன்.

ஒரு கை கம்பியில் இருக்கும், ஆகவே போனை நிமிர்த்திப் பிடித்து ஒரு கட்டை விரலால் ஆட முடிவதை மட்டும் எடுங்கள். லிசெஸ்ஸின் புதிர்கள் இதற்கு நல்லது, இரண்டு மூன்று நகர்த்தலில் முடியும், காலக்கெடு இல்லை. 2048-ம் சரி, எந்தப் பக்கம் தள்ளினாலும் போதும், குறிபார்த்துத் தொட வேண்டியதில்லை. படிக்கட்டில் நிற்கும் நாளில் போனை எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு வளைவில் கை தளர்ந்தால் போன் மட்டும் போகாது.

பிஜிஎம்ஐ ஆடுற பசங்க நாங்க. பஸ்ல ஆடலாமா?

எராங்கல் போன்ற பெரிய மேப்பில் ஒரு முழு ஆட்டம் அரை மணி நேரம் வரை போகும், நிறுத்த முடியாது, நீங்கள் காணாமல் போனால் கூட ஆடும் மூன்று பேருக்கும் நஷ்டம். பஸ் ஓடும்போது போன் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாற்றத்தில் ஒரு நொடி தடங்கினாலும் உங்களைச் சுட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இதை ராத்திரி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். யாரோடாவது மோதித்தான் ஆக வேண்டும் என்றால் கிளாஷ் ராயல் பாருங்கள். ஒரு ஆட்டம் 3 நிமிடம், சமநிலையானால் கூடுதலாக அதிகபட்சம் 2 நிமிடம், அறுந்தாலும் போவது அந்த ஒரு ஆட்டம்தான்.

இலவச கேம்ல ஒவ்வொரு லெவலுக்கும் விளம்பரம் வருதே, பொறுத்துக்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். லெவல் ஒரு நிமிடம், விளம்பரம் 30 நொடி என்றால் உங்கள் 13 நிமிடத்தில் நாலு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். மாதம் 25 நாள், போக வர இரண்டு பயணம் என்றால் மூன்றரை மணி நேரம். ஸ்டோர் பக்கத்தில் பெயருக்குக் கீழேயே Contains ads என்று போட்டிருப்பார்கள், இறக்குமுன் அதைப் பாருங்கள். சில கேம்களில் ஒருமுறை சின்னத் தொகை கட்டினால் விளம்பரம் நின்றுவிடும். ஒரு மாதம் தொடர்ந்து ஆடியபின்னும் பிடித்திருந்தால் கட்டுங்கள், முதல் நாளே வேண்டாம்.

உயிர் எண்ணிக்கை வைத்திருக்கும் கேம்கள் வேறு கதை. கேண்டி கிரஷ்ஷில் ஐந்து உயிர், ஒன்று திரும்ப வர 30 நிமிடம். காலையில் ஐந்தும் போனாலும் இரண்டரை மணி நேரத்தில் நிறைந்துவிடும், சாயங்காலம் மறுபடி ஐந்து. நாளுக்கு இரண்டு முறை மட்டும் திறக்கிறவருக்கு இது உண்மையில் பொருந்துகிறது. ஐந்தும் தீர்ந்தபின் காசு கட்டச் சொல்லும்போது போனைப் பையில் போட முடிகிறவராக இருந்தால் சரி, முடியாது என்று தெரிந்தால் தொடாதீர்கள்.

பக்கத்து சீட்ல ஒருத்தர் காசு வச்சு ரம்மி ஆடுறாரு. அதுவும் சின்ன ஆட்டம்தானே?

காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமை ஆட்டம் என்று சொல்லிக்கொள்பவை உட்பட, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம், இந்தப் பக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை.

ஆடிட்டே இருந்து ஸ்டாப்பை விட்டுட்டா?

எனக்கு நடந்திருக்கிறது. கண்ணிவெடியில் கடைசி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தக்கலை போய், அழகியமண்டபத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்று வீடு சேர முக்கால் மணி நேரம் தாமதம். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து என் பையில் இருந்தது. அதற்குப்பின் டிக்கெட் எடுத்த உடனே போனில் 18 நிமிடத்துக்கு டைமர் வைக்கிறேன், சத்தம் இல்லாமல் அதிர்வு மட்டும். டைமர் வைப்பது கேமைத் திறக்கும் முன், அதுதான் முக்கியம். அதிர்ந்ததும் புது அறையோ புதுப் பலகையோ தொடுவதில்லை. டிராஃபிக்கில் பஸ் நின்றாலும் அப்படித்தான், மீதி நேரம் ஜன்னல்.

தலை சுற்றுகிறவர்களும் ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும். குனிந்து திரையைப் பார்க்கும்போது கண் அசைவில்லை என்கிறது, காது அசைவிருக்கிறது என்கிறது, அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. திரை தானாக ஓடிக்கொண்டே இருக்கும் கேம்களை விடுங்கள். நம் முறை வரும் வரை காத்திருக்கும் ஆட்டங்களில் ஒரு நகர்த்தல் போட்டுவிட்டு நிமிர்ந்து தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

நாங்க நாலு பேரு தினமும் ஒண்ணா திருவனந்தபுரம் ரயில்ல போறோம். ஆளாளுக்கு போனைப் பாக்கணுமா?

வேண்டவே வேண்டாம், நாலு பேர் இருந்தால் ஒரு சீட்டுக்கட்டு எடுங்கள், இருபத்தெட்டு ஆடுங்கள். 7 முதல் ஆஸ் வரை 32 சீட்டு மட்டும், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு அணி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மற்றதுக்கு ஒன்றுமில்லை, மொத்தம் 28, பெயரே அதிலிருந்துதான். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு, அதை வைத்து ஏலம் கேட்டு, அதிகம் கேட்டவர் துருப்பு எது என்று ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார், அப்புறம் மீதி நாலு. எட்டே சுற்று, ஒரு ஆட்டம் நாலைந்து நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் யாரும் எழுந்து போகலாம், மதிப்பெண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்தால் நாளை அங்கிருந்தே தொடரலாம். காசு வைக்காதீர்கள். நடுவில் பரப்ப ஒரு பையோ மடித்த செய்தித்தாளோ மடியில் வைத்தால் போதும்.

என் பழைய வேலைக்கு இரணியலில் ஏறி திருவனந்தபுரம் போய்க்கொண்டிருந்தபோது, குழித்துறையில் ஏறுகிற ஒரு அண்ணன்தான் எங்களுக்கு நாலாவது ஆள். அவர் வரும் வரை மூன்று பேரும் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருப்போம், ரயில் நின்றதும் அவருக்கான நாலு சீட்டு ஏற்கனவே ஜன்னலோரம் கவிழ்ந்து கிடக்கும்.